சதவீதங்களைக் கூட்டி வகுக்கலாமா?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவின் மக்கள் அடர்த்தி சதுர கிலோமீட்டருக்கு 382 பேர். அப்போது நாட்டில் 28 மாநிலங்களும் 7 யூனியன் பிரதேசங்களும் இருந்தன. ஒவ்வொன்றின் அடர்த்தியும் அட்டவணையில் இருக்கிறது. அந்த 35 எண்களையும் கூட்டி 35ஆல் வகுத்தால் தேசிய அடர்த்தி கிடைத்துவிடும் என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும். வகுத்துப் பார்த்தால் விடை ஆயிரத்தைத் தாண்டுகிறது.

கூட்டலில் பிழை இல்லை. அட்டவணையிலும் பிழை இல்லை. டெல்லியின் அடர்த்தி 11,320. சண்டிகரின் அடர்த்தி 9,258. மற்ற 33 இடங்களிலும் ஓர் ஆள்கூட இல்லை என்றே வைத்துக்கொண்டாலும், இந்த இரண்டு எண்களைக் கூட்டி 35ஆல் வகுத்த மாத்திரத்தில் 588 வந்துவிடுகிறது. உண்மையான 382ஐ அது எப்போதோ தாண்டியாயிற்று. இத்தனைக்கும் டெல்லியும் சண்டிகரும் சேர்ந்து நாட்டின் பரப்பில் இரண்டாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை.

இன்னும் கிட்டே போய்ப் பார்க்க இரண்டே இரண்டு இடங்கள் போதும்: சண்டிகர், அருணாசலப் பிரதேசம். சண்டிகரின் பரப்பு 114 சதுர கிலோமீட்டர். அங்கே 10,55,450 பேர். அருணாசலத்தின் பரப்பு 83,743 சதுர கிலோமீட்டர். அங்கே 13,83,727 பேர். சண்டிகரில் சதுர கிலோமீட்டருக்கு 9,258 பேர், அருணாசலத்தில் 17 பேர். இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் 4,637.

இப்போது வேறு வழியில் போவோம். இரண்டு இடத்து மக்களையும் முதலில் கூட்டினால் 24,39,177 பேர். இரண்டு இடத்து நிலத்தையும் கூட்டினால் 83,857 சதுர கிலோமீட்டர். அதை இதால் வகுத்தால் விடை 29. ஒரே விவரங்கள்தாம், ஒரு வழியில் 4,637, இன்னொரு வழியில் 29.

முதல் வழி, விகிதங்களின் சராசரி. இரண்டாவது, மொத்தங்களின் விகிதம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம், எதை எப்போது கூட்டுகிறோம் என்பதில்தான். முதல் வழியில் வகுத்துவிட்டுக் கூட்டுகிறோம். இரண்டாவதில் கூட்டிவிட்டு வகுக்கிறோம். வகுத்த கணத்திலேயே கீழே இருந்த எண், அதாவது பரப்பளவு, காணாமல் போய்விடுகிறது. 9,258 என்ற எண்ணைப் பார்த்து அது 114 சதுர கிலோமீட்டரிலிருந்து வந்ததா, ஒரு லட்சம் சதுர கிலோமீட்டரிலிருந்து வந்ததா என்று யாரும் சொல்ல முடியாது. அப்படிப் பரப்பைத் தொலைத்த எண்களைக் கூட்டி இரண்டால் வகுக்கும்போது, சின்னஞ்சிறு சண்டிகருக்கும் அதைப்போல 700 மடங்குக்கும் மேல் பெரிய அருணாசலத்துக்கும் ஆளுக்கு ஒரு ஓட்டு என்று கொடுத்துவிடுகிறோம்.

தொலைந்த எண்ணைத் திரும்பக் கொண்டுவந்தால் கணக்கு சரியாகிவிடும். ஒவ்வொரு அடர்த்தியையும் அதனதன் பரப்பால் பெருக்கிக் கூட்டி, மொத்தப் பரப்பால் வகுக்க வேண்டும். பாடப்புத்தகத்தில் இதற்கு நிறையிட்ட சராசரி என்று பெயர். அடர்த்தியைப் பரப்பால் பெருக்கினால் மக்கள்தொகைதான் வரும் என்பதால், சுற்றி வளைத்து நாம் மொத்தங்களின் விகிதத்துக்கே, அதாவது 29க்கே, வந்து சேர்கிறோம்.

இங்கே ஒரு வழுக்கல் உண்டு. எண்களோடு பழகியவர்களே வழுக்குகிற இடம். மக்கள் அடர்த்தி என்றதும், 'மக்கள்தொகைக்கு ஏற்ப நிறை கொடுத்தால் ஆயிற்று' என்று அடர்த்தியை மக்கள்தொகையால் பெருக்கிவிடுவார்கள். அப்படிச் செய்தால் நம் இரண்டு இடங்களுக்கும் விடை ஏறக்குறைய 4,015. நிறையாக வர வேண்டியது விகிதத்தில் கீழே இருக்கும் எண். அடர்த்திக்கு அது பரப்பு, ஆள் அல்ல. எழுத்தறிவு விகிதத்துக்கு 7 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களின் எண்ணிக்கை. வாக்குப்பதிவுச் சதவீதத்துக்கு வாக்காளர் பட்டியலில் உள்ளவர்கள், வாக்களித்தவர்கள் அல்ல.

ஆனாலும் அந்த 4,015ஐ வெறும் பிழை என்று தள்ளிவிட முடியாது. அது வேறொரு கேள்விக்கான விடை. 29 என்பது நிலத்தின் கணக்கு: இந்த இரண்டு இடங்களிலும் ஒரு சதுர கிலோமீட்டரில் சராசரியாக எத்தனை பேர்? 4,015 என்பது ஆளின் கணக்கு: இந்த இரண்டு இடங்களிலும் வாழும் ஒருவர் சராசரியாக எவ்வளவு நெரிசலான ஊரில் வாழ்கிறார்? அருணாசலத்தின் மலையும் காடும் சண்டிகர்வாசிக்கு நெரிசலைக் குறைத்துவிடாது அல்லவா? நகரங்களின் நெரிசலை ஒப்பிடுகிறவர்கள் இந்த இரண்டாவது அளவையும் கணக்கில் எடுத்துக்கொள்வதுண்டு. மிச்சமிருக்கும் 4,637 எந்தக் கேள்விக்கு விடை? இரண்டு இடங்களின் பெயரையும் சீட்டில் எழுதிக் குலுக்கிப் போட்டு ஒன்றை எடுத்தால், வந்த சீட்டின் அடர்த்தி சராசரியாக எவ்வளவு இருக்கும் என்ற கேள்விக்கு. அதைக் கேட்பவர் யாரும் இருப்பதாகத் தெரியவில்லை.

அடர்த்தியில் வித்தியாசம் மலைக்கும் மடுவுக்குமாக இருப்பதால் பிழை உடனே கண்ணில் படுகிறது. சதவீதத்தில் அப்படிப் படுவதில்லை. சதவீதம் நூற்றுக்குள் அடங்கிவிடும். தப்பான விடையும் பார்க்க நம்பும்படியாகவே இருக்கும். ஒரு கற்பனைக் கணக்கு: ஒரு பள்ளியில் 20 பேர் தேர்வெழுதி 20 பேரும் தேர்ச்சி. இன்னொன்றில் 400 பேர் எழுதி 240 பேர் தேர்ச்சி. ஒன்று 100 சதவீதம், மற்றது 60. சராசரி 80 என்று அறிக்கையில் போட்டால் யாரும் புருவத்தை உயர்த்த மாட்டார்கள். ஆனால் எழுதிய 420 பேரில் தேறியவர்கள் 260 பேர், 61.9 சதவீதம். முதல் பள்ளியின் 20 பிள்ளைகள், இரண்டாவது பள்ளியின் 400 பிள்ளைகளுக்குச் சமமாக எண்ணப்பட்டுவிட்டார்கள்.

அலுவலகங்களில் இந்தப் பிழை நடப்பது பெரும்பாலும் எக்செல் தாளில். B நிரலில் தேர்வெழுதியவர்கள், C நிரலில் தேறியவர்கள், D நிரலில் சதவீதம் என்று 40 பள்ளிகளுக்கு அட்டவணை இருக்கும். கடைசி வரியில் B, C இரண்டுக்கும் கூட்டுத்தொகை போட்டாகிவிட்டது. D நிரலின் கீழே மட்டும் காலியாக இருக்கிறது. கை தானாகவே சராசரிக்குப் போகிறது:

```
=AVERAGE(D2:D41)
```

அங்கே வந்திருக்க வேண்டியது இது:

```
=SUM(C2:C41)/SUM(B2:B41)
```

தேறியவர்களின் எண்ணிக்கை கையில் இல்லாமல், சதவீதமும் எழுதியவர்களின் எண்ணிக்கையும் மட்டும் இருந்தாலும் வழி உண்டு:

```
=SUMPRODUCT(D2:D41,B2:B41)/SUM(B2:B41)
```

சதவீதம் மட்டும்தான் இருக்கிறது, எண்ணிக்கை எதுவுமே இல்லை என்றால் அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான். எந்தச் சூத்திரமும் தொலைந்த எண்ணிக்கையைக் கண்டுபிடித்துத் தராது. பள்ளிகளின் சராசரியிலிருந்து ஒன்றியத்தின் சராசரி, ஒன்றியங்களின் சராசரியிலிருந்து மாவட்டத்தின் சராசரி என்று படிப்படியாக ஏறும் அறிக்கைகளில் நிலைமை இன்னும் மோசம். ஒவ்வொரு படியிலும் பெரியதும் சிறியதும் சமமாக்கப்படுவதால், மேலே போகும் எண் கீழே இருக்கும் பிள்ளைகளிடமிருந்து விலகிக்கொண்டே போகலாம்.

இரண்டு விடைகளும் எப்போதும் இப்படி முட்டிக்கொள்வதில்லை. எல்லாப் பள்ளியிலும் ஒரே அளவு பிள்ளைகள் என்றால் இரண்டும் ஒன்றுதான். பள்ளிகள் பெரியதும் சிறியதுமாக இருந்து, அளவுக்கும் தேர்ச்சிக்கும் தொடர்பே இல்லாவிட்டாலும் இரண்டும் அருகருகே நிற்கும். சிறிய பள்ளிகளில் தேர்ச்சி கூடுதலாக இருந்தால் சதவீதங்களின் சராசரி மேலே போகும். பெரிய பள்ளிகளில் கூடுதலாக இருந்தால் கீழே இறங்கும். ஆகவே இரண்டையும் போட்டுப் பார்ப்பதே ஒரு சோதனை. இரண்டுக்கும் இடைவெளி பெரிதாக இருந்தால், அளவுக்கும் விகிதத்துக்கும் ஏதோ தொடர்பு இருக்கிறது என்று அர்த்தம். எந்தப் பக்கம் இடைவெளி என்பது எந்தப் பக்கம் தொடர்பு என்பதையும் சொல்லிவிடும்.

இந்த விஷயத்தில் கிரிக்கெட் உலகம் ரொம்ப காலமாகவே தெளிவாக இருக்கிறது. ஒருவர் ஓர் ஆட்டத்தில் ஒரே பந்தைச் சந்தித்து பவுண்டரி அடிக்கிறார்: ஸ்ட்ரைக் ரேட் 400. அடுத்த ஆட்டத்தில் 60 பந்தில் 60 ரன்: ஸ்ட்ரைக் ரேட் 100. இரண்டின் சராசரி 250 என்று எந்த வர்ணனையாளரும் சொல்வதில்லை. 61 பந்தில் 64 ரன், ஸ்ட்ரைக் ரேட் 105 என்றுதான் பதிவாகும்.

பேட்டிங் சராசரியும் அப்படித்தான். டான் பிராட்மேன் 52 டெஸ்ட்களில் 80 இன்னிங்ஸ் ஆடி 6,996 ரன் எடுத்தார். ஆட்டமிழந்தது 70 முறை. 6,996ஐ 70ஆல் வகுத்தால் அந்தப் புகழ்பெற்ற 99.94. 1948இல் ஓவல் மைதானத்தில் கடைசி இன்னிங்ஸில் பூஜ்யத்தில் அவுட் ஆகாமல் நான்கே நான்கு ரன் எடுத்துவிட்டு அவுட் ஆகியிருந்தால், சரியாக நூறு. இதையே இன்னிங்ஸ் வாரியாக விகிதம் எடுத்து அதன் பிறகு சராசரி போட முயன்றால் கணக்கே நின்றுவிடும். அவர் 10 முறை ஆட்டமிழக்காமல் இருந்தார். அந்த இன்னிங்ஸ்களில் கீழே இருக்கும் எண் பூஜ்யம். பூஜ்யத்தால் வகுக்க முடியாது. மொத்தங்களைக் கூட்டிவிட்டு வகுப்பதில் இந்தச் சிக்கல் இல்லை. பதிவேடுகளில் இப்படிப் பூஜ்யங்கள் வரும்போது, சதவீதம் போட முடியாத வரிசைகளைச் சத்தமில்லாமல் விட்டுவிட்டுச் சராசரி எடுத்துவிடுகிறார்கள். அது இன்னொரு பிழை.

இதுவரை சொன்னதைக் கேட்டுவிட்டு, 'அப்படியானால் எப்போதும் மொத்தங்களின் விகிதத்தை எடுத்தால் போயிற்று' என்று முடிவுகட்டினால், அதற்கும் ஒரு பதில் காத்திருக்கிறது. அது அமெரிக்காவின் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்திலிருந்து வருகிறது.

1973இல் அங்கே பட்டமேற்படிப்புக்கு 8,442 ஆண்களும் 4,321 பெண்களும் விண்ணப்பித்தார்கள். ஆண்களில் 44 சதவீதம் பேருக்கு இடம் கிடைத்தது. பெண்களில் 35 சதவீதம் பேருக்கு. மொத்தங்களின் விகிதம்தான், கணக்கில் ஒரு குற்றமும் சொல்ல முடியாது. பெண்களுக்கு அநீதி நடந்திருக்கிறது என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் பல்கலைக்கழகத்தில் ஒட்டுமொத்தமாக யாரும் இடம் கொடுப்பதில்லை. ஒவ்வொரு துறையும் தனித்தனியாகத்தான் தேர்வு செய்கிறது. பீட்டர் பிக்கல், யூஜின் ஹேமல், வில்லியம் ஓ'கானல் ஆகிய மூவரும் துறை துறையாகப் பிரித்துப் பார்த்து 1975இல் 'சயின்ஸ்' இதழில் கட்டுரை எழுதினார்கள். புள்ளியியல் வகுப்புகளில் இன்றுவரை பேசப்படும் கட்டுரை அது.

பெரிய துறைகள் ஆறின் விவரங்கள் பாடங்களில் A முதல் F வரை எழுத்துகளால் குறிக்கப்படுகின்றன. இந்த ஆறில் மட்டும் 2,691 ஆண்கள் விண்ணப்பித்து 1,198 பேருக்கு இடம் கிடைத்தது: 44.5 சதவீதம். 1,835 பெண்களில் 557 பேருக்கு: 30.4 சதவீதம். ஆண்கள் 14 புள்ளி முன்னே இருக்கிறார்கள். இப்போது, இதுவரை செய்யக் கூடாது என்று சொல்லிவந்ததையே செய்து பார்ப்போம். ஆறு துறைகளின் சதவீதங்களைக் கூட்டி ஆறால் வகுத்தால் ஆண்களுக்கு 38.1, பெண்களுக்கு 41.7. முன்னே இருந்தவர் பின்னே போய்விட்டார்.

காரணம், யார் எங்கே விண்ணப்பித்தார்கள் என்பதில் இருக்கிறது. A, B இரண்டும் தாராளமான துறைகள். விண்ணப்பித்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பேருக்கு இடம் கொடுத்தன. F துறையில் நூறு பேருக்கு ஆறு பேர்தான். ஆண் விண்ணப்பதாரர்களில் பாதிக்கு மேல் தாராளமான அந்த இரண்டு துறைகளுக்குப் போனார்கள். பெண்களில் அங்கே போனவர்கள் நூற்றுக்கு ஏழு பேர் மட்டுமே. மற்றவர்கள் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே மாதிரி கதவு இறுகியிருந்த துறைகளில் நின்றார்கள். மொத்தங்களின் விகிதம் இந்த இரண்டையும், எங்கே விண்ணப்பித்தார் என்பதையும் அங்கே எப்படி நடத்தப்பட்டார் என்பதையும், ஒரே எண்ணில் கலந்துவிட்டது.

அப்படியென்றால் 38.1, 41.7 என்ற சராசரிகள் சரியா? திசையைச் சரியாகக் காட்டின; ஆனால் அது தற்செயல். 25 பெண்கள் மட்டுமே விண்ணப்பித்த B துறையும் 593 பெண்கள் விண்ணப்பித்த C துறையும் அதில் சமம். அந்த 25 பேரில் 17 பேருக்கு இடம் கிடைத்ததால் 68 சதவீதம். இரண்டு பேர் குறைந்திருந்தால் அதுவே 60 ஆகியிருக்கும். சிறிய எண்ணிக்கையிலிருந்து வரும் சதவீதம் இப்படித்தான் ஆடும். சாதாரணச் சராசரி அந்த ஆட்டத்தையும் முழு மரியாதையோடு சேர்த்துக்கொள்ளும்.

நியாயமான ஒப்பீட்டுக்கு இரு பாலருக்கும் ஒரே நிறை கொடுக்க வேண்டும். அதாவது, ஆணும் பெண்ணுமாக ஒவ்வொரு துறைக்கும் விண்ணப்பித்த மொத்தப் பேரையும் ஒரு பொதுக் கூட்டமாக வைத்துக்கொள்வது. அந்தக் கூட்டம் முழுவதும் ஆண்களுக்குரிய விகிதத்தில் நடத்தப்பட்டிருந்தால் எத்தனை பேருக்கு இடம், பெண்களுக்குரிய விகிதத்தில் நடத்தப்பட்டிருந்தால் எத்தனை பேருக்கு என்று பார்ப்பது. பொது சுகாதாரத் துறையில் முதியோர் அதிகமுள்ள மாநிலத்தின் இறப்பு விகிதத்தை இளைஞர் அதிகமுள்ள மாநிலத்தோடு ஒப்பிடக் கையாளும் முறையும் இதுவே. பெர்க்லி எண்களில் இதைச் செய்தால் ஆண்களுக்கு 38.7 சதவீதம், பெண்களுக்கு 43 சதவீதம்.

அதையும் அப்படியே விழுங்கிவிடக் கூடாது. A துறையில் விண்ணப்பித்த 108 பெண்களில் 89 பேருக்கு இடம் கிடைத்தது. ஆண்களில் 825 பேருக்கு 512. பெண்களின் முன்னிலை கிட்டத்தட்ட முழுவதும் இந்த ஒரு துறையிலிருந்து வருகிறது. A துறையை எடுத்துவிட்டு மற்ற ஐந்தில் அதே கணக்கைப் போட்டால் இரு பாலருக்கும் 33 சதவீதம்தான். ஒருவருக்கொருவர் சளைத்தவர் இல்லை. இந்த ஆறு துறைகளின் தேர்வுக் குழுக்கள் பெண்களைத் தள்ளிவைத்தன என்பதற்கு இந்த எண்களில் ஆதாரம் இல்லை. பெண்கள் ஏன் இடம் குறைந்த துறைகளில் போய்க் குவிந்தார்கள் என்பது வேறு கேள்வி. அதற்கான காரணம் பல்கலைக்கழக வாசலுக்கு வெகுமுன்னால், பள்ளியிலும் வீட்டிலும் இருக்கிறது என்பதே அந்த மூவரின் கருத்தும்.

ஆகவே, எத்தனை பிள்ளைகள் தேறினார்கள், எத்தனை பேர் வாக்களித்தார்கள், ஒரு சதுர கிலோமீட்டரில் எத்தனை பேர் என்று மொத்தத்தைப் பற்றிக் கேட்டால், விடை மொத்தங்களின் விகிதத்தில் இருக்கிறது. ஒவ்வொரு பள்ளியும் தனி அலகாக எப்படி நடக்கிறது என்று தலைமையாசிரியர்களின் வேலையை மதிப்பிடுகிறவருக்குப் பள்ளிகளின் சராசரி தேவைப்படலாம். இரண்டு தரப்பை ஒப்பிடும்போது இரண்டுமே போதாமல் போய், பொது நிறை தேவைப்படலாம். எதைப் போட்டாலும், எதைப் போட்டோம் என்று ஒரு வரி எழுதிவிட வேண்டும். 'சராசரித் தேர்ச்சி 80 சதவீதம்' என்பதற்குப் பதில் '40 பள்ளிகளின் தேர்ச்சிச் சதவீதங்களின் சராசரி' என்று எழுத சில சொற்கள்தான் கூடுதலாகும்.

அறிக்கை தயாரிக்கிறவர்களும் செய்தி எழுதுகிறவர்களும் சதவீதத்துக்குப் பக்கத்தில் அது எத்தனை பேரில் எத்தனை பேர் என்பதையும் சேர்த்து அச்சிடுங்கள். அந்த இரண்டு எண்கள் இருந்தால், சராசரி தவறாகவே போடப்பட்டிருந்தாலும் படிக்கிறவர் திருத்திக்கொள்ள முடியும்.